கிரீடம் தூரத்துக்கு, நிறம் பக்கத்துக்கு

ஜோலார்பேட்டை சந்திப்பில் வளர்ந்தவர்களுக்கு உடையைப் பார்த்து ஆளை அறிவது சிறு வயதிலேயே பழகிப்போன வித்தை. சிவப்புச் சட்டை தெரிந்தால் போர்ட்டர், கறுப்புக் கோட்டு வந்தால் டிக்கெட் பரிசோதகர், வெள்ளை உடையில் கொடியோடு நிற்பவர் ஸ்டேஷன் மாஸ்டர். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் முகம் பார்க்காமலே யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இதே வேலையை இருட்டில், ஒரு ராத்திரி முழுக்க, ஊரே அறிந்த ஒரு பெரிய கதையின் பத்துப் பதினைந்து பாத்திரங்களை வைத்துக்கொண்டு செய்யும் கலை இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. அதுதான் இன்றைய பேச்சு.

வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களில் தெருக்கூத்து என்றும் கட்டைக்கூத்து என்றும் வழங்கும் கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை நடக்கும். பெரும்பாலும் பாரதக் கதை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து என்று நாள் கணக்கில் தொடரும். பார்ப்பவர்கள் எட்டு மணி நேரமும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதில்லை. பாயை விரித்துப் படுப்பார்கள். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். பிள்ளைகள் தூங்கிப்போய், மிருதங்கம் வேகமெடுக்கும்போது விழிப்பார்கள். தோல் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ ஷிப்டு முடித்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்பவர்களும் உண்டு. இரண்டு மணிக்குக் கண் விழித்தவர் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கேட்காமல், ஆடுபவர் யார் என்பதைத் தானே தெரிந்துகொள்ள வேண்டும். கூத்தின் உடை முழுவதும் இந்த ஒரு தேவைக்குப் பதில் சொல்லும் வகையில் அமைந்திருக்கிறது.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ‘பகடை துகில்’ ஒன்றே போதும். தருமன், பீமன், அர்ச்சுனன், நகுலன், சகாதேவன் என்று ஐந்து பேர். எதிர்ப்பக்கம் துரியோதனன், துச்சாதனன், சகுனி, கர்ணன். திரௌபதி இருக்கிறாள், அவள் அழைப்புக்குக் கிருஷ்ணன் இருக்கிறான். இவர்களை எல்லாம் அறிமுகம் செய்யவும் கிண்டல் செய்யவும் கட்டியக்காரன். கூத்துக் குழுவிலோ வாத்தியக்காரர்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தால் அது நல்ல குழு. ஆகவே ஒரே ஆள் முன்னிரவில் ஒன்றும் பின்னிரவில் இன்னொன்றுமாக இரண்டு வேஷம் கட்ட வேண்டிவரும். வழிவழியாக ஆடிவந்தவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதால் பெண் வேஷமும் அவர்களுடையதுதான். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. உயரத்தை வைத்தும் முடியாது. எஞ்சியிருப்பது வேஷம் ஒன்றுதான்.

வேஷம் முதலில் செய்யும் வேலை, கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பது. எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் பதித்த அணிகளுக்குக் கட்டை என்று பெயர். தலையில் கிரீடம், இரண்டு தோளிலும் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். இவற்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, இடுப்பில் துணியைச் சுற்றிப் பெருக்கி, அதன்மேல் குட்டைப் பாவாடை விரிந்து நிற்கும்படி உடுத்துவார்கள். அரசர்களுக்கும் வீரர்களுக்கும் இந்தக் கட்டை வேஷம். திரௌபதிக்குச் சேலையும் நீண்ட பின்னலும். கட்டியக்காரனுக்குக் கூம்புத் தொப்பியும் வண்ணச் சட்டையும். முனிவர்களுக்கும் தூதர்களுக்கும் இன்னும் எளிய உடை.

கட்டை கட்டியவுடன் மனித உருவத்தின் கோடே மாறிவிடுகிறது. தோள் இரு பக்கமும் அகன்றுவிடும், தலை கூம்பி உயர்ந்துவிடும், இடுப்புக்குக் கீழே குடை விரித்த மாதிரி வட்டம் நிற்கும். தெருவின் கடைசியில் நிற்பவருக்குக் கண்ணும் மூக்கும் தெரியாது, நிறம்கூடத் தெரியாது. அந்த வெளிக்கோடு மட்டும் தெரியும். அது போதும்: வந்திருப்பது ராஜ வேஷம், கட்டியக்காரன் அல்ல, பெண் வேஷமும் அல்ல. கட்டை கட்டாதவர்கள் எல்லாரும் அந்தக் கணமே கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள்.

இதில் கட்டியக்காரனின் எளிமையைக் குறைவாக நினைக்கக் கூடாது. எல்லோரும் பெருத்து நிற்கும் மேடையில் ஒருவன் மட்டும் சாதாரண மனித அளவில், குதித்துத் திரியும் கால்களோடு வந்தால் கண் உடனே அவனைப் பிடிக்கும். இரவு முழுக்க மேடையில் அதிகம் புழங்குபவன் அவன். கதைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவன். ராஜாவிடம் ஊர்ப் பேச்சில் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள். அந்த உரிமையை அவனுக்கு முதலில் கொடுப்பது அவன் தோளில் கட்டை இல்லாமை.

கட்டை பிரித்துக் கொடுத்ததை நிறம் இன்னும் நெருக்கிக் காட்டும். முத்து வெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, வண்ணப்பொடி கலந்து, நடிகர்கள் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார்கள். முழு ஒப்பனைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. துரியோதனன் முகம் சிவப்பு. கிருஷ்ணன் முகம் பச்சை. இந்த இரண்டிலும் அவ்வளவாகக் கருத்து வேறுபாடு இல்லை. மற்றவர்களின் நிறம் ஒரு பாணிக்கும் இன்னொரு பாணிக்கும், சில சமயம் ஒரு வாத்தியாருக்கும் இன்னொருவருக்கும் மாறும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் இது தேவையான நெகிழ்வு. அன்றைய இரவின் கதையில் யார் யாரோடு ஒரே நேரத்தில் மேடையில் நிற்கிறார்கள் என்பதுதான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். சந்திக்கவே சந்திக்காத இருவருக்கு ஒரே நிறம் இருந்தால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

கேரளத்துக் கதகளியும் இதே கணக்கை வேறு வழியில் போட்டது. அங்கே நிறம் ஆளைச் சொல்வதில்லை, குணத்தைச் சொல்லும். பச்சை என்றால் உயர்ந்த நாயகன், கத்தி என்றால் அகந்தை கொண்ட வீரன், தாடி, கரி, மினுக்கு என்று வகைகள் தொடரும். தருமனும் பீமனும் நளனும் ஒரே பச்சைக்குள் அடங்குவார்கள். அவர்களுக்குள் இவர் யார் என்பதைக் கை முத்திரையும் பாட்டும்தான் தெரிவிக்கும். அந்த முத்திரைகளைப் படிக்கப் பழகிய பார்வையாளர் வேண்டும். கூத்து அந்தப் பயிற்சியைப் பார்ப்பவர் தலையில் ஏற்றவில்லை.

நிறமும் போதாத இடம் ஒன்று ‘பதினெட்டாம் போர்’ இரவில் வருகிறது. கடைசியில் பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு மோதுகிறார்கள். இருவருக்கும் கிரீடம், இருவருக்கும் புஜக்கட்டை, இருவர் கையிலும் ஒரே ஆயுதம், இருவரும் பாவாடை விரியச் சுழன்று ஆடுகிறவர்கள். விடியும் நேரம், பார்ப்பவர் கண்ணில் தூக்கம். சுழலும்போது முகம் பாதி நேரம் மறைந்தும்விடும். இங்கே இரண்டு உருவமும் குழம்பினால் அந்த இரவு முழுக்க ஆடியது வீணாகிவிடும், ஏனென்றால் தொடையில் அடி வாங்குபவன் யார் என்பதுதான் கதை.

நல்ல குழு இதைக் கட்டும்போதே யோசித்துவிடுகிறது. துரியோதனனுக்குச் சிவப்பு உறுதி. அப்படியானால் பீமனின் முகம் அந்தச் சிவப்பிலிருந்து எட்டி நிற்க வேண்டும். முகம் மறையும் கணத்துக்கு உடை வேறாக இருக்க வேண்டும்: பாவாடையின் நிறம், அதன் ஓரப் பட்டை, முதுகில் விழும் துணி. பின்பக்கமாகப் பார்த்தாலும் ஆள் தெரிய வேண்டும் என்பது கூத்துக்குப் பிறப்பிலேயே வந்த கட்டாயம். ஆடுகளத்தின் மூன்று பக்கமும் சனம் உட்கார்ந்திருக்கும்போது யாருக்காவது எப்போதும் முதுகுதான் தெரியும். பார்ப்பவரை ஒரே பக்கத்தில் உட்கார வைக்கும் மேடையிலிருந்து வரும் உடை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் முன்பக்கத்துக்குச் செலவழித்துவிட்டு முதுகை மறந்துவிடுவார்கள்.

நடையும் உடையோடு சேர்ந்ததுதான். தோலில் கோத்த சலங்கையைக் காலில் கட்டி, இவ்வளவு பெரிய பாவாடையோடு ஒருவன் நடக்கும் விதம் வேறு, சேலைக்காரி நடக்கும் விதம் வேறு. சலங்கைச் சத்தத்தின் கனத்தைக் கேட்டே, கண்ணைத் திறக்குமுன் ராஜ வேஷம் களத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் உண்டு.

இவ்வளவுக்கும் மேல் கூத்து ஒரு பாதுகாப்பை வைத்திருக்கிறது. முக்கிய வேஷம் எதுவும் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். உள்ளே இருப்பவர் தன்னையே யாரோ ஒருவர் போல, தன் பெயரும் குலமும் பெருமையும் சொல்லிப் பாடுவார். பிறகு திரை விலகும். அதன் பின்னும் கட்டியக்காரன் வந்து, தாங்கள் யார், எந்த நாடு என்று விசாரிப்பான். கண்ணுக்கு ஒரு தடவை, காதுக்கு இரண்டு தடவை. முதல் வருகையிலேயே இந்தக் கிரீடமும் இந்த நிறமும் இந்தப் பெயருக்கு உரியவை என்று மூன்று முடிச்சுப் போட்டுவிடுவதால், அதற்குப் பிறகு எப்போது விழித்துப் பார்த்தாலும் உடை தனியாகவே பெயரைச் சொல்லிவிடுகிறது.

அச்சும் சினிமாவும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கின்றன. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கியபோது, அதில் நடமாடிய கூட்டத்தை வாசகர் மனத்தில் ஆள் ஆளாகப் பதிய வைத்தவர் ஓவியர் மணியம். அவர் படங்களில் நந்தினியையும் குந்தவையையும் கொண்டையை வைத்தே பிரித்துவிடலாம். பக்கவாட்டில் சரியும் ஆண்டாள் கொண்டை நந்தினிக்கு உரியது. வாராவாரம் படிப்பவருக்குப் போன வாரம் பார்த்த அதே கொண்டை இந்த வாரமும் வந்தால்தான் கதை அறுபடாது. மணிரத்னம் அதை இரண்டு பாகப் படமாக்கி, 2022-இலும் 2023-இலும் அவை வெளிவந்தன; உடைகளை வடிவமைத்தவர் ஏகா லக்கானி. நந்தினியும் ஊமை ராணி மந்தாகினியும் ஒரே நடிகை, ஐஸ்வர்யா ராய். ஒரே முகத்தை இரண்டு பெண்களாகக் காட்டும் பொறுப்பு அங்கே முழுக்க உடை, நகை, முடி ஆகியவற்றின் மேல் விழுந்தது. முதல் பாகத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் கதையையும் ஆட்களையும் அறிமுகம் செய்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து பாடும் கூத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் குரலின் வேலை எளிதில் புரியும்.

அடையாளத்தை உறுதியாகக் கட்டிவைப்பதால் கிடைக்கும் பெரிய பலன் வேறொன்று. கட்டியதை அவிழ்க்கும்போது அது கதையாகிவிடுகிறது. ‘அர்ச்சுனன் தபசு’ இரவில், வில் ஏந்தி ராஜ வேஷத்தில் ஆடிய அர்ச்சுனன் கட்டைகளைக் களைந்துவிட்டுத் தவசியாக மாறுகிறான். தபசு மரம் என்று நட்ட உயரமான மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறான். மேலே இருந்து அவன் வீசும் எலுமிச்சையையும் விபூதியையும் பிள்ளை வரம் வேண்டுபவர்கள் முந்தானை ஏந்திப் பிடிக்கிறார்கள். கட்டையோடு அந்த மரத்தில் ஏற முடியாது என்பது நடைமுறைக் காரணம். ஆனால் அகன்ற தோளையும் உயர்ந்த தலையையும் மணிக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த ஒல்லி உருவம் மரத்தில் ஏறுவது, அவன் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறான் என்பதை வசனமில்லாமல் சொல்லிவிடும்.

திரௌபதியின் கூந்தலும் அப்படித்தான். துகில் உரியப்படும் இரவில் துச்சாதனன் அவள் கூந்தலைப் பற்றி இழுக்கிறான். அவிழ்ந்த கூந்தலை, துரியோதனன் ரத்தம் பூசாமல் முடிவதில்லை என்று சபதம் செய்கிறாள். திருவிழாவின் கடைசிக் கட்டமான படுகளத்தில், ஊர்வெளியில் மண்ணால் பெரிதாகச் செய்து மல்லாத்திக் கிடத்திய துரியோதனன் உருவத்தின் முன்னால் அந்தச் சபதம் நிறைவேறுகிறது. சிலையின் தொடையில் வைத்த சிவப்பு நீரை எடுத்துக் கூந்தலில் தடவி முடிக்கிறார்கள். சபதத்துக்கும் படுகளத்துக்கும் நடுவில் பல இரவுகள் ஓடிவிடுகின்றன. நடுவில் எத்தனை கூத்தைத் தவறவிட்டவரும், அந்தக் கூந்தல் அவிழ்ந்திருக்கிறதா முடிந்திருக்கிறதா என்று பார்த்தால் கதை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்ளலாம். ஒரு பாத்திரத்தின் அடையாளமும் ஒரு பெருங்கதையின் நாள்காட்டியும் ஒரே தலைமுடியில் இருக்கின்றன. உலக நாடக மேடையில் இதைவிடச் சிக்கனமான உடை உத்தியைத் தேடுவது கடினம்.

வேஷம் ஆளைவிட உறுதியானது என்பதை அண்மைக் காலம் இன்னொரு விதத்தில் காட்டியது. பெ. ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தி, பையன்களோடு பெண் பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. பெண்கள் கட்டை வேஷம் கட்டி வந்தபோது, ஆடுவது யார் என்ற கேள்வி கிரீடத்துக்கும் சிவப்புக்கும் பின்னால் போய்விட்டது. களத்தில் நின்றது துரியோதனன்தான். அத்தனை வலுவான உடை இல்லாத மேடையில் அந்த மாற்றம் இவ்வளவு இயல்பாக நடந்திருக்காது.

இனி, கெட்டுப்போகும் இடங்கள். முதல் ஆபத்து வாடகை ஜிகினா. மரக் கட்டை செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செலவும் அதிகம் என்று, கடையில் விற்கும் பளபளப்பு உடைகளை எல்லோருக்கும் மாட்டிவிடுவது. ராஜாவுக்கும் மின்னுகிறது, தூதுவனுக்கும் மின்னுகிறது, கட்டியக்காரனுக்கும் மின்னுகிறது. ஆள் ஆளாகப் பார்த்தால் அழகுதான். ஒன்றாக நின்றால் ஒரே பளபளப்பு. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆடுகளத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, எதிரே தெருக்கோடியில் நின்று பார்க்க வேண்டும். நிழலுருவத்தை வைத்து மூன்று வகை வேஷங்களாவது பிரிந்து தெரியாவிட்டால், கிட்டே எவ்வளவு செலவழித்தும் பயனில்லை.

இரண்டாவது ஆபத்து வெளிச்சம், இது அவ்வளவாகப் பேசப்படாதது. இந்த முக நிறங்கள் தீவட்டிக்கும் பிறகு பெட்ரோமாக்ஸுக்கும் பழகியவை. எண்ணெய்ச் சுடரின் மஞ்சள் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் எடுப்பாக நிற்கும். நீலமும் பச்சையும் மங்கி ஒன்றை ஒன்று நெருங்கும், அதனால் கிருஷ்ணனுக்கு மயிற்பீலியும் புல்லாங்குழலும் வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. கண்ணாடித் துண்டுகள் ஆடும் சுடரை வாங்கிச் சிதறடித்து, இருட்டிலிருந்து கிரீடத்தின் கோட்டை எடுத்துக் கொடுத்தன. இன்று விழாக் குழுவினர் கட்டும் மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்கில் ஆழ்ந்த சிவப்புக்குரிய ஒளி குறைவு. அதன் கீழே துரியோதனன் முகம் செங்கல் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் எங்கோ போய்விடுகிறது.

நிறம் மாறிக்கொண்டே இருக்கும் மேடை விளக்குகள் இன்னும் மோசம். சிவப்பு விளக்கு எரியும்போது சிவந்த முகமும் அதன்மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் ஒரே சிவப்பாகிவிடும், கோலம் முழுக்க அழிந்த மாதிரி தெரியும். பச்சை விளக்கு மாறி வந்தால் அதே சிவந்த முகம் கறுத்துவிடும். நேர்மாறாக, சிவப்பு விளக்கில் கறுத்துப் போகிறவன் கிருஷ்ணன். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஐந்து விநாடிக்கு ஒரு துரியோதனன் வந்து போகிறான். நடிகர் மேல் குறை இல்லை, எழுதிய முகத்தின் மேலும் குறை இல்லை.

சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். நிறம் மாறாத மஞ்சள் சாயலுள்ள வெள்ளை விளக்கு, முகத்துக்கு நேரே சற்று உயரத்திலிருந்து, களத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வண்ண விளக்குகளைக் கோயில் கோபுரத்துக்கும் பந்தலுக்கும் கொடுத்துவிடலாம். முகம் எழுதும் இடத்திலும் களத்தில் எரியும் அதே வகை பல்பைக் கட்டிக்கொண்டால், துரியோதனன் தன் சிவப்பை எழுந்து வருமுன்பே கண்ணாடியில் சரிபார்த்து, மங்கினால் இன்னும் ஒரு பூச்சுப் பூசிக்கொள்வார். விழாக் குழுவில் விளக்குக்காரரிடம் பேரம் பேசுபவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கூத்து வாத்தியாரையும் உடன் அழைத்துப் போய், ஒரு சிவப்புத் துணியையும் ஒரு பச்சைத் துணியையும் அந்த விளக்கின் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு வரலாம்.